ஆடியில் குருணை, சித்திரையில் கரைசல்

நர்சரியில் வாங்கி வந்த செடியை வேறு தொட்டிக்கு மாற்றும்போது, வேர்களுக்கு நடுவே கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, மஞ்சளும் பழுப்புமாகச் சில மணிகள் தட்டுப்படுவதுண்டு. நத்தை முட்டை என்று பயந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிபவர்கள் பலர். விரலால் நசுக்கிப் பார்த்தால் உள்ளிருந்து தண்ணீர் பீச்சும், சந்தேகம் உறுதியாகிவிடும். உண்மையில் அது உரம். செடியை வளர்த்த பண்ணைக்காரர், அடிக்கடி உரம் போடும் வேலையை மிச்சப்படுத்தத் தொட்டிக் கலவையிலேயே கலந்துவைத்த மெதுவாகக் கரையும் குருணை. அந்த மணிகள் கெட்டியாக இருந்தால் உள்ளே இன்னும் சத்து இருக்கிறது, புதிதாக உரம் வைக்க அவசரப்பட வேண்டாம். நசுக்கியதும் வெறும் தண்ணீராகப் பீச்சினால் அது தன் வேலையை முடித்துவிட்டது.

மாடியில் நாலு தொட்டி வைக்கலாம் என்று கிளம்புகிறவர் கடையில் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் இந்தக் குருணை. இன்னொரு பக்கம் தண்ணீரில் கரைத்து ஊற்றும் உரம். எது வாங்குவது? இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கும் வழக்கமான பதில், ‘புதிதாகத் தொடங்குகிறவருக்குக் குருணையே நல்லது, ஒருமுறை போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்துவிடலாம்’ என்பது. அந்தப் பதில் குளிர் நாடுகளில் பிறந்தது. சென்னையிலோ மதுரையிலோ மொட்டைமாடியில் தொட்டி வைக்கிறவருக்கு அது பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி எங்கே பொருந்தாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள, அந்த மணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மணியின் உள்ளே இருப்பது சாதாரண ரசாயன உரம்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சேர்ந்த உருண்டை. அதன் மேல் பிசின் அல்லது பிளாஸ்டிக் வகைப் பொருளால் மெல்லிய உறை பூசியிருப்பார்கள். 1967இல் கலிபோர்னியாவில் ‘ஆஸ்மோகோட்’ என்ற பெயரில் இப்படி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பல வகை உறைகளோடு செய்கின்றன. தொட்டியிலுள்ள ஈரம் ஆவியாக அந்த உறை வழியே உள்ளே நுழைகிறது. உள்ளிருக்கும் உப்பு கரைகிறது. கரைந்த உப்பு மேலும் நீரை இழுக்க, மணி உப்பி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. நாம் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் உரம் அதிகமாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. கலவை ஓரளவு ஈரமாக இருந்தால் போதும். கசியும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பம். சூடு ஏற ஏற உறை இளகும், கசிவும் கூடும்.

இதனால்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி முக்கியமாகிறது. ‘5 முதல் 6 மாதம்’ என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும். அந்த மாதக் கணக்கு 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடுத்தது என்று பின்பக்கம் சொல்லும். சில தயாரிப்புகள் 25 பாகையை அளவாகக் கொள்கின்றன. 21 பாகை என்பது கொடைக்கானலுக்குச் சரி. சென்னையில் மார்கழி, தையில்கூடப் பகலும் இரவும் சேர்ந்த சராசரி 25 பாகைக்குக் கிட்டத்தட்ட இருக்கும். மே மாதத்தில் 33ஐத் தொடும். அது காற்றின் வெப்பம் மட்டும்தான். தரை தகிக்கும் மாடியில், நேர் வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் உள்ளே, ஓரத்து மண் நண்பகலில் 40 பாகையைத் தாண்டும். ஆறு மாதக் குருணை இங்கே ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தில் தீரும். கோடையில் அதற்கும் முன்பே.

சீக்கிரம் தீர்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். பணம்தான் நட்டம் என்றால் பரவாயில்லை. தொந்தரவு வேறிடத்தில் இருக்கிறது. 28, 30 பாகை வரைக்கும் சூடு ஏறினால் செடியும் வேகமாக வளர்கிறது, உரமும் வேகமாக வருகிறது, இரண்டும் ஒத்துப்போகும். 35ஐத் தாண்டினால் கத்தரியும் தக்காளியும் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க மட்டுமே பார்க்கும். குருணைக்கு அது தெரியாது. செடி சாப்பிடாத நேரத்தில்தான் அது அதிகமாகப் பரிமாறுகிறது. உண்ணப்படாத உப்பு கலவையில் தேங்கி, வேரிடமிருந்தே நீரை இழுக்கத் தொடங்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். கலந்த குருணையைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

இதற்குப் போகும் முன் இன்னொரு சிக்கலைத் தாண்ட வேண்டும். ‘மெதுவாகக் கரையும் குருணை’ என்று கடையில் தருவது எல்லாமே உறை பூசியதாக இருப்பதில்லை.

“அண்ணே, இது மெதுவா கரையுறதுதானே?”

“ஆமாம்மா, ஒருதரம் போட்டா மூணு மாசம் நிக்கும்.”

இப்படிச் சொல்லிக் கையில் கொடுக்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது டி.ஏ.பி. அல்லது காம்ப்ளெக்ஸ் உரம். வடிவம் குருணைதான், ஆனால் உறை கிடையாது. ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சில நாளிலேயே முழுவதும் கரைந்து வேரைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியாவையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்தப் பூச்சு யூரியா கரைவதைத் தடுப்பதற்கானது இல்லை. கரைந்த பிறகு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றும் வேகத்தைத்தான் குறைக்கிறது. நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ள அந்த உரத்துக்குத் தொட்டியில் இடமே கிடையாது.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். பத்துப் பன்னிரண்டு மணிகளைத் தண்ணீரில் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் கலங்கி, மணிகள் குழைந்து அடியில் சேறாகக் கிடந்தால் அது சாதாரண உரம். தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருந்து, மணிகள் போட்டபடியே உருண்டையாக இருந்தால் உறை பூசியது. விலையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்: உறை பூசிய உரம், அதே எடையுள்ள காம்ப்ளெக்ஸைவிடப் பல மடங்கு விலை கூடியது. கிலோ கணக்கில் மலிவாக அள்ளிப் போட்டால் சந்தேகப்பட வேண்டும்.

கரைத்து ஊற்றும் உரத்தில் இந்த மர்மம் எதுவும் இல்லை. கடையில் ‘ஆல் நைன்டீன்’ என்று கேட்டால் 19:19:19 எடுத்துத் தருவார்கள். வெள்ளையாகவோ லேசான நிறத்திலோ தூளாக இருக்கும், தண்ணீரில் வண்டலில்லாமல் கரையும். மூன்று சத்தும் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு என்பது அந்த எண்களின் பொருள். லிட்டருக்கு 1 கிராம் என்பது காய்கறித் தொட்டிக்கு வாரம் ஒருமுறை ஊற்றப் பாதுகாப்பான அளவு. தராசு இல்லாதவர்கள் 5 லிட்டர் வாளிக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி போட்டால் ஏறத்தாழ அந்த அளவு வரும். நாற்றுகளுக்கும் வீட்டுக்குள் இருக்கும் இலைச் செடிகளுக்கும் அதில் பாதி. இது ஊற்றிய அன்றே வேருக்குக் கிடைக்கும்; வேண்டாம் என்றால் அடுத்த வாரம் நிறுத்திவிடலாம். கூடிப்போனால் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி அடித்துளை வழியே கழுவி வெளியேற்றலாம். குருணையில் கிடைக்காத வசதி இந்தக் கடைசி இரண்டும்.

குறை என்று பார்த்தால், ஆள் மறந்தால் செடி பட்டினி. தேங்காய் நார்க்கழிவு அதிகம் சேர்த்த மாடித்தோட்டக் கலவையில் இது சீக்கிரமே தெரியும், ஏனென்றால் நார்க்கழிவுக்கு என்று சொல்லிக்கொள்ளும்படியான சத்து எதுவும் கிடையாது. இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் அடி இலைகள் வெளிறத் தொடங்கும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுவார். உரம் கரைத்து ஊற்றச் சொல்ல முடியாது.

இரண்டும் அளவில் எப்படி ஒப்பிட்டு நிற்கின்றன என்று ஒரு கத்தரிச் செடியை வைத்துப் பார்க்கலாம். மேல்வாய் 12 அங்குலமுள்ள தொட்டியில் சுமார் 12 லிட்டர் கலவை பிடிக்கும். உறை பூசிய குருணையின் பாக்கெட்டில் பொதுவாக லிட்டர் கலவைக்கு 3 முதல் 5 கிராம் வரை போடச் சொல்லியிருப்பார்கள். நம் வெப்பத்தை மனத்தில் வைத்து அதைக் குறைத்து, லிட்டருக்கு 2 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24 கிராம், அதாவது தலைதட்டிய ஐந்து தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. 15-9-12 என்ற வகையானால் இதில் தழைச்சத்து 3.6 கிராம் இருக்கிறது. கரைசல் பக்கம் வருவோம். லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் 1 லிட்டர் ஊற்றினால் ஒரு வாரத்தில் தொட்டிக்குப் போகும் தழைச்சத்து 0.19 கிராம். ஐந்து தேக்கரண்டிக் குருணையில் இருப்பதைக் கரைசலாகக் கொடுக்க ஏறத்தாழ 19 வாரம் ஆகும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகுதான் ‘இன்னும் ரெண்டு ஸ்பூன் சேர்த்தால் நல்லா காய்க்குமே’ என்ற ஆசை எவ்வளவு பெரியது என்று புரியும். குருணையில் கூடுதலாகப் போடும் இரண்டு தேக்கரண்டி, ஏழெட்டு வாரத்துச் சாப்பாடு. வாளியில் கூடுதலாக விழும் இரண்டு தேக்கரண்டியும் கெடுதல்தான், ஆனால் அதை ஒரே நாளில் கழுவிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களில் மறதிக்காரர்களைவிட ஆர்வக்கோளாறு உள்ளவர்களே அதிகம் என்பது நர்சரிக்காரர்கள் அறிந்த விஷயம். குருணை மறதியிலிருந்து செடியைக் காப்பாற்றும். ஆர்வத்திலிருந்து காப்பாற்றாது.

அப்படியானால் கரைசலே எப்போதும் மேல் என்று சொல்லிவிடலாமா என்றால், குறுக்கே வடகிழக்குப் பருவமழை நிற்கிறது. சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால், நம் 12 அங்குலத் தொட்டியின் வாயில் மட்டும் 7 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 12 லிட்டர் கலவைக்குள் 7 லிட்டர் மழை இறங்கி அடித்துளை வழியே ஓடினால், முந்தின நாள் ஊற்றிய 1 லிட்டர் கரைசலில் என்ன மிஞ்சும்? நார்க்கழிவு கொஞ்சம் பிடித்துவைக்கும், மீதி மாடித் தண்ணீரோடு போய்விடும். மழை தொடர்ந்து நாலு நாள் பெய்தால் ஊற்றவும் முடியாது. ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் தொட்டியில் இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவதில் அர்த்தமில்லை. கத்தரி காய்க்கும் உச்ச நேரம் இது. மழைக்காலத்தில் மாடிச் செடிகள் வெளுத்துப்போவதைப் பார்த்து ‘வெயில் இல்லாததால்தான்’ என்று சொல்வது வழக்கம். வெயில் குறைவும் உண்டு, பாதிக்குமேல் பசி.

உறைக்குள் இருக்கும் உரத்தை மழை தொடாது. வெளியே கசிந்தது மட்டுமே போகும். மறுநாள் மறுபடி கொஞ்சம் கசியும். அந்த மாதங்களில் வெப்பமும் 25 முதல் 28 பாகைக்குள் அடங்கியிருப்பதால் கசிவும் செடியின் வளர்ச்சியும் ஒன்றையொன்று மீறுவதில்லை. ஆக, நம் பட்டங்களைப் பார்த்தாலே விடை கிடைக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்து மழையைத் தாண்டப் போகும் செடிக்குக் குருணை. தைப்பட்டத்தில் தொடங்கிச் சித்திரை வெயிலைச் சந்திக்கப் போகும் செடிக்குக் கரைசல்.

ஆடித் தொடக்கத்தில் கத்தரி விதை போட்டால் ஆவணி வாக்கில் நாற்று தொட்டிக்கு வரும். குருணை வைக்க வேண்டிய நாள் அதுதான். மூன்று-நான்கு மாத வகையை வாங்கினால் நம் சூட்டில் இரண்டு, இரண்டரை மாதத்தில், அதாவது முதல் காய் பறிக்கும் ஐப்பசியிலேயே தீர்ந்துவிடும். ஐந்து-ஆறு மாத வகையை வாங்க வேண்டும்; அது மார்கழி வரை வரும். மேலாகத் தூவினால் முதல் பெருமழையில் மிதந்து வழிந்துவிடும், வெயில் நேரே பட்டாலும் சூடேறும். தொட்டியின் மேல்பாதிக் கலவையில் சீராகக் கலப்பது நல்லது. நட்டபிறகு நினைவு வந்தால், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கிளறி, தூவி, மூடிவிடலாம். ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. மண்வெட்டியாலோ கரணையாலோ இடித்துக் கலக்கவும் கூடாது. உறை உடைந்த மணி சாதாரண உரமாகிவிடும். ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. குருணை கலந்த ஈரக் கலவையை மூட்டையில் கட்டி ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று வைத்தால், ஈரம் பட்ட நாளிலிருந்தே கசிவு தொடங்கி, பிறகு அதில் நடும் நாற்று முதல் நாளே உப்பில் நிற்கும். கலந்த வாரத்திலேயே பயன்படுத்திவிட வேண்டும்.

தைப்பட்டத்துச் செடிக்கு வேறு முறை. நடும்போது மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ கலவையில் நாலில் ஒரு பங்கு சேர்த்துவிட்டு, நாற்று பிடித்துக்கொண்டபின் வாராவாரம் கரைசல். காலையில், கலவை ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். காய்ந்த கலவையில் உரத் தண்ணீர் ஊற்றினால் அது ஓரமாக வழிந்து ஓடும், பட்ட இடத்தில் வேரைச் சுடும். அடித்துளையில் கொஞ்சம் வடியும் வரை ஊற்றுவது சரியான அளவு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை உரத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் அளவை லிட்டருக்கு அரை கிராமாகக் குறைக்கலாம். நண்பகலில் துவண்டு மாலையிலும் நிமிராத செடிக்கு அந்த வாரம் எதுவும் வேண்டாம், நிழல்வலைதான் வேண்டும். கரைத்த கரைசலை மிச்சம் வைக்காமல் அன்றே முடித்துவிடுங்கள். தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் என்பதால் இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று செடி சொல்லும் குறிகள் ஒன்றுதான். அடி இலைகள் ஒரே சீராக வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. செடி பழைய இலையிலிருந்து சத்தைப் பிடுங்கிப் புதுத் துளிருக்கு அனுப்புகிறது. நரம்பு பச்சையாக இருக்க, மேல் துளிர் மட்டும் மஞ்சளானால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. அதற்கு இந்த உரத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகுவது, கலவையின் மேலும் மண்தொட்டியின் வெளிச்சுவரிலும் வெள்ளை உப்புப் படிவது, ஈரம் இருந்தும் வாடுவது ஆகியவை உப்பு கூடியதன் அடையாளம். இலை கரும்பச்சையாகக் கொழுத்துப் பூவே வராமல் அசுவினி மட்டும் மொய்த்தால் தழைச்சத்து அதிகம் என்று கொள்ளலாம்.

கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவான வழியும் இருக்கிறது. குடிநீர் சுத்திகரிப்பான் வைத்திருக்கும் வீடுகளில் பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் கிடக்கும். தொட்டிக்கு வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து, அடியில் ஒரு தட்டை வைத்து, மேலே இன்னும் அரை டம்ளர் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தட்டில் வடியும் நீரையும் குழாய் நீரையும் அளந்து பாருங்கள். உங்கள் போர்வெல் தண்ணீர் 700 காட்டி, வடிந்தது 1,200 காட்டினால் கவலையில்லை. வடிந்தது 2,000ஐத் தாண்டினால் உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டி பிடிக்கும் அளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீரை நிதானமாக ஊற்றிக் கழுவ வேண்டும். கரைசல் மட்டும் ஊற்றிய தொட்டி அத்தோடு சரியாகிவிடும். குருணை கலந்த தொட்டியில் ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் மணிகள் கசிந்துகொண்டுதான் இருக்கும். இறங்காவிட்டால் தொட்டியை நிழலுக்கு நகர்த்துவது, மேல் இரண்டு மூன்று அங்குலக் கலவையை மணிகளோடு சுரண்டி எடுத்துப் புதுக் கலவை போடுவது, இந்த இரண்டைத் தவிர வேறு வழி குறைவு. போர்வெல் நீரே 1,500க்கு மேல் காட்டும் கடலோரப் பகுதிகளில், குருணையோ கரைசலோ, அளவைப் பாதியாக்கிக்கொண்டு மழைநீர் கிடைக்கும் நாளில் எல்லாம் தொட்டியைக் கழுவுவது நல்லது.

பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் ஊற்றுகிறோமே, அதுவும் திரவ உரம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து தெளிக்கும் வழக்கம் பயனுள்ளதுதான். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தின் அளவு செய்கிறவருக்குச் செய்கிறவர் மாறும், நீர்த்தபிறகு மிகவும் குறைவு. 12 லிட்டர் நார்க்கழிவில் நிற்கும் கத்தரிக்கு அது மட்டுமே சாப்பாடாக இருக்க முடியாது. ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் மண்புழு உரத்தையும் வேப்பம் புண்ணாக்கையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு இவற்றை மேலே தெளிக்கலாம். அந்தப் புண்ணாக்கும் ஒருவகையில் மெதுவாகக் கரையும் குருணைதான். உறைக்குப் பதில் நுண்ணுயிர்கள் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

உறை பூசிய குருணையைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு. உரம் தீர்ந்தபிறகும் அந்தக் காலி உறை மண்ணிலேயே கிடக்கிறது. பல வகைகளில் அது சீக்கிரம் மக்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த உரச் சட்டத்தில் உறைகள் மக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. நம்மூர்க் கடைகளுக்கு அப்படிப்பட்டது பரவலாக வரும்வரை, தேவைக்கு மேல் ஒரு தேக்கரண்டிகூடப் போடாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

ஆக, ஒன்றுதான் வாங்குவேன் என்கிற புதியவருக்கு என் பதில், அவர் எப்போது தொடங்குகிறார், தொட்டி எங்கே இருக்கிறது என்ற இரண்டைப் பொறுத்தது. மாடியில், தை முதல் ஆனிக்குள் தொடங்கினால் 19:19:19 ஒரு பாக்கெட். விலையும் குறைவு, கூடினாலும் குறைந்தாலும் திருத்திக்கொள்ளலாம், வாராவாரம் வாளியோடு போகும்போது செடியை உற்றுப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடும். ஆடி, ஆவணியில் தொடங்கினால் பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு குருணை. இரண்டையும் வைத்திருப்பவர்கள், குருணை இருக்கும் தொட்டியில் கரைசல் ஊற்றுவதானால் காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும், லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். தக்காளிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 19:19:19இல் சுண்ணாம்புச்சத்து கிடையாது, பல குருணைகளிலும் அது இருப்பதில்லை அல்லது மிகக் குறைவு. காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் ஈரம் சீராக இல்லாததையும் இந்தக் குறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

வீட்டுக்குள்ளும் நிழலான பால்கனியிலும் இருக்கும் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை போன்றவற்றுக்கு இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. அங்கே வெப்பம் ஓரளவு சமமாக இருக்கும், மழை விழாது, செடியும் நிதானமாக வளரும். குருணை சொன்ன சொல்லைக் காப்பாற்றும் இடம் இதுதான். ஆறு அங்குலத் தொட்டிக்கு ஆடி வாக்கில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி வைத்துவிட்டால் ஐந்து மாதம் திரும்பிப் பார்க்க வேண்டாம். குழந்தைகளோ பூனையோ மண்ணைக் கிளறும் வீடானால் மணிகளை ஓர் அங்குலம் உள்ளே புதைத்து மேலே கூழாங்கல் பரப்பிவிடுங்கள்.

மாடிக் கத்தரி மார்கழிக் கடைசியில் காய்ப்பு ஓய்ந்து நிற்கும். அப்போது மண்ணைக் கிளறி நாலு மணியை நசுக்கிப் பாருங்கள். தண்ணீராகப் பீச்சினால் செடியை முக்கால் அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, புதுத் துளிர் வந்ததும் லிட்டருக்கு 1 கிராம் கரைசலைத் தொடங்கலாம். பங்குனி வரை இன்னொரு சுற்று காய்க்கும். மணிகள் இன்னும் கெட்டியாக இருந்தால் துளிர் வந்தபிறகும் இரண்டு வாரம் பொறுத்திருந்து தொடங்குங்கள்.